கோப்புக் குறிப்பு: அடுத்த அதிகாரி எதை வைத்து முடிவெடுப்பார்?

கேள்வி: வட்டாட்சியர் அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. நான் குறிப்பு எழுதி மேலே அனுப்பும் கோப்புகளில் பாதி "பேசவும்" என்று திரும்பி வருகிறது. மனு, விசாரணை அறிக்கை என்று எல்லாவற்றையும் எழுதித்தான் வைக்கிறேன். அதிகாரி படித்ததும் முடிவெடுக்கிற மாதிரி குறிப்பு எழுதுவது எப்படி?

பதில்:

"பேசவும்" என்று எழுதுபவர் பெரும்பாலும் கோபத்தில் எழுதுவதில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன் அவருக்கு ஏதோ ஒன்று தெரிய வேண்டியிருக்கிறது, அது தாளில் இல்லை. அடுத்த முறை கோப்போடு போய் நிற்கும்போது அவர் கேட்கிற முதல் கேள்வியை மட்டும் கவனியுங்கள். "அந்த அம்மா எப்போ இறந்தாங்க?", "ஆட்சேபணை கொடுத்தவருக்கு நோட்டீஸ் போச்சா?" என்று ஒரே வரியில் கேட்பார். நீங்கள் வாயால் பதில் சொல்வீர்கள், அவர் கையெழுத்துப் போட்டுவிடுவார். அந்தக் கேள்விக்கான பதில்தான் உங்கள் குறிப்பில் முதலில் இருந்திருக்க வேண்டியது. பேசி முடித்த பிறகும் அது கோப்பில் ஏறாமல் போவது இன்னும் மோசம். இரண்டு வருடம் கழித்து மேல்முறையீட்டில் கோட்டாட்சியர் அந்தக் கட்டைப் பிரிக்கும்போது, நீங்கள் வேறு பிரிவுக்குப் போயிருப்பீர்கள், கையெழுத்துப் போட்டவர் வேறு வட்டத்துக்குப் போயிருப்பார்.

எல்லாவற்றையும் எழுதுகிறேன் என்கிறீர்களே, சிக்கல் அதில்தான் இருக்கிறது. மனுவின் சுருக்கம் ஒரு பத்தி, கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை அப்படியே ஒரு பத்தி, வருவாய் ஆய்வாளர் அறிக்கை இன்னொரு பத்தி, கடைசியில் "தக்க உத்தரவுக்காகப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது". இப்படிப்பட்ட குறிப்புகளைத் துணை வட்டாட்சியராக இருந்த காலத்தில் நிறையப் படித்திருக்கிறேன். அந்தத் தாள்கள் எல்லாம் நடப்புக் கோப்பில் ஏற்கெனவே இருக்கின்றன. குறிப்பில் அவற்றை மறுபடி நகலெடுப்பதால் அதிகாரிக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்காது. அந்தத் தாள்களை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது எந்த இடத்தில் முடிவு தேவைப்படுகிறது என்பதைத்தான் அவர் உங்களிடம் எதிர்பார்க்கிறார். அதைக் கண்டுபிடிப்பது வாசிப்பு வேலை. எழுதுவது அதற்குப் பிறகு.

பொதுவாகச் சொன்னால் கைக்குப் பிடிபடாது. உங்கள் மேசைக்கு அடிக்கடி வரக்கூடிய ஒரு வாரிசுச் சான்றுக் கோப்பையே எடுத்துக்கொள்வோம். நாள்களும் பக்க எண்களும் எடுத்துக்காட்டுக்காக நான் போட்டவை.

ஒருவர் 14.6.2019 அன்று இறந்துவிட்டார். மனைவி 2024-இல் வாரிசுச் சான்று கேட்டு விண்ணப்பிக்கிறார். வங்கி வைப்புத்தொகையும் ஒரு வீடும் இறந்தவர் பெயரில் இருக்கின்றன. கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை இப்படிச் சொல்கிறது: "இறந்தவரின் தாய், தந்தை உயிருடன் இல்லை. மனைவி, ஒரு மகன், ஒரு மகள் ஆகிய மூவரே வாரிசுகள்." வருவாய் ஆய்வாளர் "அறிக்கையை ஏற்றுப் பரிந்துரைக்கிறேன்" என்று எழுதியிருக்கிறார். ஆட்சேபணை எதுவும் வரவில்லை. வழக்கமான குறிப்பு என்றால் இந்த இரண்டு அறிக்கைகளையும் எடுத்து எழுதி, "மூவருக்குச் சான்று வழங்கலாம்" என்று முடிந்துவிடும்.

அறிக்கையில் பொய் எதுவும் இல்லை. ஆனால் முடிவைத் தீர்மானிக்கிற தகவல் அதில் இல்லை. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி, உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் முதல் வகுப்பு வாரிசுகளில் மகன், மகள், மனைவியோடு தாயும் வருகிறார். யார் வாரிசு என்பது அவர் இறந்த நாளில் தீர்மானமாகிறது, விண்ணப்பம் கொடுத்த நாளில் இல்லை. ஆகவே "தாய் உயிருடன் இல்லை" என்பது போதாது. தாய் எப்போது இறந்தார் என்பது வேண்டும். மகனுக்கு முன்பே இறந்திருந்தால் மூன்று வாரிசுகள். மகனுக்குப் பின் இறந்திருந்தால் நான்கு வாரிசுகள். அந்த நான்காவது பங்கு தாயின் மற்ற பிள்ளைகள் வரைக்கும் போகும். இறந்தவரின் அண்ணனோ அக்காவோ நாளைக்கு வங்கியில் போய் நின்றால், சான்று கொடுத்த அலுவலகத்தைத்தான் கேட்பார்கள்.

இன்னொன்று. இறந்தவர் எந்த மதத்தைச் சேர்ந்தவர் என்பதையும் குறிப்பில் எழுத வேண்டும். பலர் எழுதுவதே இல்லை. கிறித்தவராக இருந்தால் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் வரும். அதில் பிள்ளைகள் இருக்கும்போது தாய்க்குப் பங்கு இல்லை. முஸ்லிமாக இருந்தால் தாய், தந்தை இருவருக்குமே பங்கு உண்டு. அறிக்கையின் சொற்கள் மாறாமலே இருக்கும், முடிவு மாறிவிடும்.

இங்கே உதவியாளர் செய்ய வேண்டிய முதல் வேலை, கோப்பை அப்படியே வட்டாட்சியருக்கு அனுப்பாமல் இருப்பது. தாயின் இறப்புச் சான்று கோப்பில் இல்லை. துணை வட்டாட்சியர் அளவிலேயே ஒரு குறிப்பாணை போட்டு அதை வாங்கிவிடலாம். அதற்கான குறிப்பு இரண்டு வரிக்கு மேல் வேண்டாம்: "தாய் இறந்த நாள் கிராம நிர்வாக அலுவலர் அறிக்கையில் இல்லை. மகன் இறந்த நாளுக்கு முன்பா பின்பா என்பதைப் பொறுத்து வாரிசுகள் மாறுவதால், இறப்புச் சான்று கேட்டுக் குறிப்பாணை வரைவு ஒப்புதலுக்கு." ஏன் கேட்கிறோம் என்ற காரணம் அந்த வரியிலேயே இருப்பதால் துணை வட்டாட்சியர் யோசிக்காமல் ஒப்பமிடுவார். கிராம நிர்வாக அலுவலருக்குப் போகும் குறிப்பாணையிலும் அந்தக் காரணத்தைச் சேருங்கள். வெறுமனே "முழுமையான அறிக்கை அனுப்பவும்" என்று போனால் பழைய அறிக்கையே புதுத் தேதியோடு திரும்பி வரும்.

சான்று வந்துவிட்டது. தாய் இறந்தது 9.11.2022, அதாவது மகனுக்குப் பின். இப்போது வட்டாட்சியருக்குப் போகும் குறிப்பு ஏறத்தாழ இப்படி இருக்கலாம்:

1. முடிவு செய்ய வேண்டியது: 14.6.2019 அன்று இறந்தவரின் வாரிசுச் சான்றில், அப்போது உயிருடன் இருந்து 9.11.2022 அன்று இறந்த அவருடைய தாயின் பெயரைச் சேர்ப்பதா என்பது.

2. ஆவணங்களால் உறுதியானவை: இறந்தவரின் இறப்புச் சான்று (நடப்புக் கோப்பு பக்கம் 3). மனைவி, மகன், மகள் உறவுக்கான ஆவணங்கள் (பக்கம் 4 முதல் 7 வரை). தந்தை 2004-இல் இறந்தார் (பக்கம் 11). தாய் 9.11.2022-இல் இறந்தார் (பக்கம் 13).

3. வாக்குமூலத்தால் மட்டும் தெரிபவை: இறந்தவர் இந்து, வேறு திருமணம் செய்யவில்லை, வேறு பிள்ளைகள் இல்லை, உயில் எழுதவில்லை (மனுதாரர் மற்றும் அண்டை வீட்டார் இருவர், பக்கம் 8, 9). கிராம நிர்வாக அலுவலர் மூவரையே வாரிசுகளாகக் காட்டியுள்ளார் (பக்கம் 10). தாய் இறந்த நாளை அவர் அப்போது பார்க்கவில்லை.

4. சட்ட நிலை: இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956, பிரிவு 8 மற்றும் அட்டவணை, முதல் வகுப்பு. தாய் வாரிசு. சான்று வழங்குவது குறித்து நடப்பில் உள்ள அரசு அறிவுரையின் நகல் பக்கம் 15-இல் உள்ளது.

5. வழிகள்: (அ) நால்வரையும் காட்டி, தாயின் பெயருக்கு எதிரே அவர் பின்னர் இறந்த நாளைக் குறிப்பிட்டுச் சான்று வழங்குதல். தாயின் வாரிசுகள் தனியே சான்று கோரலாம். (ஆ) அறிக்கையில் உள்ளபடி மூவருக்கு மட்டும் வழங்குதல். இதில் இறந்த நாளில் இருந்த ஒரு வாரிசு விடுபடுவார். (இ) தாயின் வாரிசுகளையும் இதே சான்றில் சேர்த்தல். அவர்களைப் பற்றி இதுவரை விசாரணை நடக்கவில்லை.

6. பத்தி 5(அ)-வின்படி சான்று வழங்கலாம். வரைவு பக்கம் 17-இல் உள்ளது. ஒப்புதலுக்கு.

முழுசாக ஒரு பக்கம்கூட வராது. முதல் பத்தியைப் பாருங்கள். "வாரிசுச் சான்று கோரும் மனு தொடர்பாக" என்று அது தொடங்கவில்லை. கோப்பின் பொருள் அட்டையிலேயே இருக்கிறது. அட்டையில் இல்லாதது இந்தக் கோப்பின் முடிச்சு, அதுதான் முதலில் வர வேண்டும். வட்டாட்சியர் ஒரு நாளில் பார்க்கிற கட்டுகளுக்கு நடுவே, எதைத் தேடிக்கொண்டு மீதியைப் படிக்க வேண்டும் என்று அந்த ஒரு வரி அவருக்குச் சொல்லிவிடுகிறது.

இரண்டாவது, மூன்றாவது பத்திகளைப் பிரித்து வைத்ததில்தான் இந்தக் குறிப்பின் உயிர் இருக்கிறது என்பேன். "விசாரணையில் தெரியவருகிறது" என்று எழுதினால் சான்றிதழைப் பார்த்துத் தெரிந்ததா, யாரோ சொல்லித் தெரிந்ததா, நீங்களே ஊகித்ததா என்பது மறைந்துவிடும். முடிவெடுப்பவர் தாங்க வேண்டிய பொறுப்பு இந்த மூன்றுக்கும் ஒன்றல்ல. "வேறு திருமணம் இல்லை" என்பது இங்கே வாக்குமூலத்தை மட்டும் நம்பி நிற்கிறது. அது அவருக்குத் தெரிந்தால், ஐயம் வரும் கோப்பில் இன்னொரு விசாரணை கேட்கலாமா, இதுவே போதுமா என்று அவர் முடிவு செய்துகொள்வார். தெரியாமல் போட்ட கையெழுத்துக்கும் தெரிந்து போட்ட கையெழுத்துக்கும் பின்னால் பெரிய வேறுபாடு உண்டு. மூன்றாவது பத்தியில் கிராம நிர்வாக அலுவலர் தவறு செய்துவிட்டார் என்று எழுதவில்லை என்பதையும் கவனியுங்கள். அவர் எதைப் பார்க்கவில்லை என்பது மட்டும்தான் இருக்கிறது. முடிவுக்கு அவ்வளவு போதும்.

பக்க எண்கள் சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் பக்க எண் இல்லாத குறிப்பைப் படிப்பவர் ஒவ்வொரு வரிக்கும் கட்டைப் புரட்டித் தேட வேண்டும், அல்லது உங்களை நம்பிவிட வேண்டும். இரண்டுமே நல்லதில்லை. நடப்புக் கோப்பில் ஒவ்வொரு தாளுக்கும் எண் போட்ட பிறகே குறிப்பெழுத உட்காருங்கள். விதியையும் அறிவுரையையும் உங்கள் சொற்களில் சுருக்காமல், பொருந்தும் பத்தியை நகலெடுத்துக் கோப்பில் வைத்து ஃப்ளாக் போடுங்கள். வாரிசுச் சான்று பற்றி அவ்வப்போது அறிவுரைகள் மாறுகின்றன. போன வருடக் கோப்பிலிருந்து எடுத்த வரி இன்றைக்குச் செல்லாமல் போயிருக்கலாம்.

ஐந்தாவது, ஆறாவது பத்திகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கோப்புகள் குழம்புவது இங்கேதான் அதிகம். "நால்வருக்கும் வழங்கலாமா அல்லது மூவருக்கு வழங்கலாமா என்பதற்கு உத்தரவு வேண்டப்படுகிறது" என்று ஒருவர் எழுதுவார். அதிகாரி அவசரத்தில் கீழே "சரி" என்று எழுதி ஒப்பமிடுவார். எது சரி? கோப்பு மறுபடி மேலே ஏறும். குறிப்பின் கடைசி வரி, கீழே ஒரு சுருக்கொப்பம் மட்டும் விழுந்தாலும் ஒரே ஒரு பொருள் தருகிற மாதிரி இருக்க வேண்டும். அவருக்கு உடன்பாடு இல்லை என்றால் "5(இ), விசாரணை அறிக்கை பெறுக" என்று எழுதினால் போதும். பத்திகளுக்கு எண் போடுவது இதற்காகத்தான்.

பரிந்துரை எழுதப் பல உதவியாளர்கள் தயங்குகிறார்கள். "நான் என்ன சொல்வது, அவர்தானே அதிகாரி" என்கிறார்கள். ஆனால் கோப்பை வரி வரியாகப் படித்தவர் அந்த அலுவலகத்தில் நீங்கள் ஒருவர்தான். உங்கள் பரிந்துரை அவரைக் கட்டுப்படுத்தாது, அவர் மாற்றலாம். மாற்றுவதற்குக்கூட எதிரில் ஒன்று இருக்க வேண்டும். அதேபோல உங்களுக்குப் பிடித்த வழியை மட்டும் எழுதி மற்றவற்றை மறைப்பதும் கூடாது. தள்ளப்பட்ட வழிக்கும் ஒரு வரிக் காரணம் இருந்தால், மேலே இருப்பவர் "ஏன் மூவருக்குக் கொடுக்கக்கூடாது?" என்று கேட்டுக் கோப்பைத் திருப்ப மாட்டார்.

அப்புறம், இவ்வளவு நீளக் குறிப்பு எல்லாக் கோப்புக்கும் வேண்டாம். தாய், தந்தை முன்பே இறந்ததற்குச் சான்று இருக்கிறது, ஆட்சேபணை இல்லை, ஆவணங்கள் ஒத்துப்போகின்றன என்றால் மூன்று வரி போதும். அங்கே ஆறு பத்தி எழுதினால், உண்மையிலேயே சிக்கலான கோப்பு வரும்போது அதுவும் வழக்கமான ஒன்று போலத் தோன்றிவிடும்.

இடையில் இருக்கும் துணை வட்டாட்சியரின் வேலையும் உங்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது. குறிப்பு தெளிவாக இருந்தால் அவர் அதைத் திரும்ப எழுத வேண்டியதில்லை. பக்கம் 13-ஐயும் 15-ஐயும் மட்டும் பிரித்துப் பார்த்து, "பக்கம் 13, 15 சரிபார்க்கப்பட்டன. 5(அ) ஏற்கலாம்" என்று எழுதி மேலே அனுப்புவார். அவர் எதைச் சரிபார்த்தார் என்பது வட்டாட்சியருக்குத் தெரிகிறது. வெறும் ஒப்பம் மட்டும் இருந்தால் அது தெரியாது, ஆகவே வட்டாட்சியர் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்க வேண்டியிருக்கும்.

காரணம் கோப்பில் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குச் சட்டப்படியும் அடிப்படை உண்டு. 1977-இல் மொகிந்தர் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு உத்தரவை அது வெளியான நாளில் அதில் சொன்ன காரணங்களை வைத்தே பார்க்க வேண்டும், பின்னால் பிரமாணப் பத்திரத்தில் புதுக் காரணங்களைச் சேர்த்து அதைத் தாங்கிப் பிடிக்க முடியாது என்று சொன்னது. உத்தரவு வரைவு உங்கள் குறிப்பிலிருந்துதான் பிறக்கிறது. குறிப்பில் காரணம் இல்லாவிட்டால் உத்தரவிலும் இருக்காது. குறிப்பு வெளியே போகாது என்றும் நினைக்க வேண்டாம். 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கோப்புக் குறிப்புகளும் தகவல்தான் என்று மத்திய தகவல் ஆணையம் 2006-லேயே சொல்லிவிட்டது. "மனுதாரர் தொல்லை கொடுக்கும் பேர்வழி" மாதிரியான வரிகளை எழுதும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. முடிவுக்கு உதவாத எதற்கும் குறிப்பில் இடமில்லை.

இதன் மறுபக்கமும் தெரிந்திருக்க வேண்டும். கோப்பில் அதிகாரி ஒப்புதல் போட்டுவிட்டார் என்பதாலேயே அது உத்தரவாகிவிடாது. 1962-இல் பச்சித்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. உத்தரவாக எழுதப்பட்டு, உரியவருக்குத் தெரிவிக்கப்படும்வரை அது உள் விவகாரம்தான், அதிகாரி மனதை மாற்றிக்கொள்ளலாம். ஆகவே ஜன்னலுக்கு வெளியே நிற்கும் மனுதாரரிடம் "உங்களுக்குச் சாதகமா முடிஞ்சிடுச்சு" என்று முன்கூட்டியே சொல்லாதீர்கள். சான்றில் கையெழுத்தாகி அது அவர் கைக்குப் போகட்டும்.

மின் அலுவலகத்தில் எழுதுபவர்களுக்கு ஒன்று. மஞ்சள் குறிப்பாக இருக்கும்வரை திருத்தலாம், நீக்கலாம். பச்சைக் குறிப்பாக உறுதிசெய்துவிட்டால் அது அப்படியே நிற்கும். காகிதக் கோப்பிலும் விதி அதுதான். மேலே போய்வந்த குறிப்பை அடித்துத் திருத்துவதோ, தாளை மாற்றுவதோ கூடாது. அதிகாரி வேறு முடிவெடுத்தால் உங்கள் பரிந்துரை அங்கேயே இருக்கட்டும், அவர் காரணத்தை அதன் கீழே எழுதுவார். பிறகு புதுத் தகவல் வந்தால் புதுப் பத்தியாக, தேதியோடு தொடருங்கள்.

கடைசியாக வாய்மொழி அறிவுரை. "சரி, மூவருக்கே போட்டுடுங்க" என்று அதிகாரி அறையில் சொல்லிவிட்டார் என்று வையுங்கள். வாதாட வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். அடுத்த பத்தியில் "கோப்பு நேரில் விவாதிக்கப்பட்டது. மூவருக்குச் சான்று வழங்குமாறு வட்டாட்சியர் அறிவுறுத்தினார். தாய் 14.6.2019-இல் உயிருடன் இருந்தது பத்தி 2-இல் உள்ளது. மாற்று வரைவு பக்கம் 18-இல் ஒப்புதலுக்கு" என்று எழுதி அவரிடமே அனுப்புங்கள். உண்மையான காரணம் அவரிடம் இருந்தால் அதை எழுதி ஒப்பமிடுவார். இல்லையென்றால் பத்தி 2-ஐ மறுபடி ஒருமுறை பார்ப்பார்.